கிளிநொச்சியில் மாலை 5:30 என்றால் லண்டனில் எத்தனை மணி? சூம் கூட்ட அழைப்பிதழ் எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் கூட்டங்களுக்கு அழைப்பிதழ் எழுதும் வேலை சில வருடங்களாக என் தலையில் இருக்கிறது. பாதிப்பேர் வன்னியில், மீதிப்பேர் ஐந்தாறு நாடுகளில். பக்கத்து ஊர்ச் சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம் என்று பலரும் இப்போது இதே வேலைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, கீழே எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்: 2026 ஒக்டோபர் 31, சனிக்கிழமை, கிளிநொச்சி நேரம் மாலை 5:30. இந்த நாளைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு, நான்காவது கேள்வியில் வரும்.

தம்பி, எங்கட நேரத்தை மட்டும் போட்டால் போதாதே? மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளுவினம்தானே.

பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாக. ரொறன்ரோவில் இருப்பவர் போன கிழமை அம்மாவோடு கதைத்த கணக்கை வைத்துக் கூட்டிக் கழிப்பார். லண்டனில் இருப்பவர் தன் தமையனைக் கேட்பார், தமையன் நாலரை என்பார். அறுபது பேர் அறுபது தரம் செய்யும் கணக்கை நீங்கள் ஒருதரம் சரியாகச் செய்து போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் எந்த நேரம் மூலம் என்பது அழைப்பிதழில் தெரிய வேண்டும். கூட்டம் கிளிநொச்சிக் கடிகாரப்படி நடக்கிறது என்றால் அதுதான் முதல் வரி. மற்ற ஊர்களின் நேரம் அதிலிருந்து பிறந்தவை. எங்காவது கணக்குப் பிழைத்தாலும், எதை நம்புவது என்று வாசிப்பவருக்குத் தெரியும். «கீழே உள்ள நேரங்களில் ஐயம் இருந்தால் கிளிநொச்சி நேரமே சரி» என்று ஒரு வரி நான் எப்போதும் சேர்ப்பேன். ஒருமுறை அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

எல்லா நாட்டிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம். எத்தனை ஊரின்ர நேரத்தைப் போடுறது?

ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் தன் வரியைத் தேடிப் பிடிக்க மாட்டார்கள். நாட்டின் பெயரை விட நகரத்தின் பெயர் நல்லது. கனடா என்று எழுதினால் ரொறன்ரோவா வன்கூவரா என்று தெரியாது. அவுஸ்திரேலியாவும் அப்படித்தான். மெல்பேணும் சிட்னியும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும், பிரிஸ்பேன் தள்ளாது.

ஒரே நேரம் உள்ள நகரங்களை ஒரே வரியில் போடலாம். பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, பெர்லின் நான்கும் வருடம் முழுக்க ஒரே நேரம். கிளிநொச்சியும் சென்னையும் ஒன்று. இப்படிச் சேர்த்தால் எங்கள் கூட்டங்களுக்கு ஐந்து வரி போதும். சிங்கப்பூரில் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்றால் அவருக்குத் தனியாகச் செய்தி போட்டுவிடுங்கள். அவருக்கும் அது மரியாதை.

EST, GMT, IST எண்டு போட்டால் சுருக்கமா, பார்க்க ஒழுங்கா இருக்கும்தானே?

ஒழுங்காக இருக்கும், பிழையாகவும் இருக்கும். `EST` என்பது ரொறன்ரோவின் குளிர்கால நேரம் மட்டுமே. கோடையில் அங்கே ஓடுவது `EDT`. பழக்கத்தில் வருடம் முழுக்க `EST` என்றே எழுதிவிடுகிறோம். அங்கே இருப்பவர் அதைத் தங்கள் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்வார், அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் போன் கலண்டரில் அதைத் தட்டி ஏற்றுபவருக்கு ஒரு மணித்தியாலம் பிசகலாம். `GMT` உம் அதே கதை. கோடையில் லண்டன் கடிகாரம் `GMT` இல்லை, அதைவிட ஒரு மணித்தியாலம் முன்னே ஓடும்.

`IST` இன்னும் மோசம். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே மூன்று எழுத்து. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் சில கலண்டர்களில் கொழும்பைத் தெரிவு செய்தாலும் `India Standard Time` என்று காட்டும். அதைப் பார்த்து நாட்டை மாற்றித் தெரிவு செய்துவிட்டேன் என்று பதறி அழித்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அழிக்கத் தேவையில்லை, சரிதான். அழைப்பிதழில் மட்டும் சுருக்கெழுத்து வேண்டாம். «லண்டன் நேரம்» என்று எழுதினால் லண்டன்காரர் சுவரைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

லண்டனுக்கு நாலரை மணித்தியாலமா அஞ்சரையா? ஒவ்வொருக்காலும் ஒவ்வொண்டு சொல்லுறாங்கள்.

இரண்டும் சரி, எந்த நாளைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. எங்கள் நேரம் அசையாது. 2006 ஏப்ரலில் இருந்து இலங்கை முழுவதும் `GMT` ஐ விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. அசைவது அவர்களுடைய கடிகாரம். லண்டனும் பாரிசும் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னே போய், ஒக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பி வரும். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறு போய், நவம்பர் முதல் ஞாயிறுதான் திரும்பும். மெல்பேண் தலைகீழ்: ஒக்டோபர் முதல் ஞாயிறு முன்னே போய், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்பும். அவர்களுக்கு அப்போதுதானே கோடை.

இந்த மூன்று பேரும் ஒரே நாளில் மாறாததுதான் சிக்கல். 2026 இல் ஐரோப்பா மாறுவது ஒக்டோபர் 25. ரொறன்ரோ மாறுவது நவம்பர் 1. நடுவே ஒரு கிழமை, அதில் விழுகிறது எங்கள் 31 ஆம் திகதி. கிளிநொச்சி மாலை 5:30 ஐ மூன்று சனிக்கிழமைகளில் வைத்துப் பாருங்கள். 24 ஆம் திகதி என்றால் லண்டன் பிற்பகல் 1:00, பாரிஸ் 2:00, ரொறன்ரோ காலை 8:00. 31 ஆம் திகதி லண்டன் நண்பகல் 12:00, பாரிஸ் 1:00, ரொறன்ரோ இன்னும் காலை 8:00 தான். நவம்பர் 7 இல் லண்டனும் பாரிசும் அப்படியே இருக்க, ரொறன்ரோ காலை 7:00 ஆகிவிடும். மெல்பேண் ஏற்கெனவே மாறிவிட்டதால் மூன்று நாளும் இரவு 11:00.

முன்பொரு வருடம் இதே கிழமையில்தான் நான் விழுந்தேன். ஒக்டோபர் நடுவில் அழைப்பிதழ் எழுதினேன். போனில் உலகக் கடிகாரத்தைத் திறந்து லண்டனைப் பார்த்தேன், நாலரை மணித்தியால வித்தியாசம் காட்டியது, எழுதிவிட்டேன். உலகக் கடிகாரம் காட்டுவது இன்றைய வித்தியாசத்தை. கூட்டம் நடக்கும் நாளின் வித்தியாசத்தை அது காட்டாது. கனடாக்காரர் நேரத்துக்கு வந்தார்கள். லண்டன்காரர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தபோது நிர்வாகசபைத் தெரிவு முடிந்திருந்தது. வேண்டுமென்றே செய்தோம் என்று இன்றைக்கும் ஒருவர் நம்புகிறார்.

அப்ப எப்பிடித்தான் சரிபார்க்கிறது? எனக்கு மார்ச், ஒக்டோபர் எல்லாம் ஞாபகம் நிக்காது.

ஞாபகம் வைக்க வேண்டாம். கூகிள் கலண்டரில் அந்தத் திகதியிலேயே ஒரு நிகழ்வைப் போடுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் `Time zone` என்று இருக்கும், அதில் கொழும்பைத் தெரிவு செய்து 5:30 pm என்று கொடுங்கள். அப்புறம் கலண்டரின் அமைப்புக்குள் போய் நேர வலயத்தை லண்டனுக்கு மாற்றினால், அதே நிகழ்வு லண்டன் நேரத்துக்கு நகர்ந்து நிற்கும். ரொறன்ரோ, மெல்பேண் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கொழும்புக்குத் திரும்ப மறக்க வேண்டாம், மறந்தால் அடுத்த நாள் பல் வைத்தியரிடம் போகும் நேரமும் குழம்பும். கணினி இருப்பவர்கள் `timeanddate.com` இல் `Event Time Announcer` என்ற பக்கத்தைப் பயன்படுத்தலாம். திகதியும் ஊரும் கொடுத்தால் எல்லா ஊருக்கும் நேரம் காட்டும், அதற்கு ஒரு லிங்கும் தரும்.

அதற்குப் பிறகும் நான் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு அந்த நிகழ்வை அனுப்பி, «உங்கள் போனில் எத்தனை மணி காட்டுகிறது, என்ன கிழமை காட்டுகிறது?» என்று கேட்பேன். நேரம் சரியா என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் ஓம் என்றுதான் பதில் வரும்.

மு.ப., பி.ப. போடுறதா? காலை, மாலை போடுறதா? am, pm போதாதா?

இங்கே பாடசாலைக் கடிதங்களில் மு.ப., பி.ப. என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுருக்கம் புரிவதில்லை, தமிழ் வாசிக்கக் கூடியவர்களுக்கும்கூட. காலை, நண்பகல், பிற்பகல், மாலை, இரவு என்று முழுச் சொல்லாக எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் am, pm போடுங்கள். 12 மணிக்கு மட்டும் am, pm வேண்டவே வேண்டாம். 12 pm என்றால் நண்பகலா நள்ளிரவா என்று படித்தவர்களே தடுமாறுவார்கள். எங்கள் உதாரணத்தில் லண்டன் சரியாக அங்கேதான் வந்து விழுகிறது. «நண்பகல் 12:00, 12 noon» என்று எழுதுங்கள்.

தமிழிலேயே ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் பேச்சில் «சனி இரவு ஒரு மணி» என்போம். விடியும்வரை அது சனி இரவுதான் எங்களுக்கு. கலண்டருக்கு அது ஞாயிறு 1:00 am. கூட்டத்தைக் கிளிநொச்சி இரவு 7:30 க்கு வைத்திருந்தால் மெல்பேண்காரருக்கு அந்தக் கணக்குத்தான் வரும். ஆங்கிலப் பாதியில் `Sunday 1:00 am`, தமிழ்ப் பாதியில் சனி இரவு 1:00 என்று போனால், தகப்பன் ஒரு நாளும் மகள் ஒரு நாளும் குறித்துக்கொள்வார்கள். நள்ளிரவு தாண்டினால் கிழமையையும் திகதியையும் மாற்றி, «ஞாயிறு அதிகாலை 1:00» என்று எழுதுங்கள். 5:30 க்கு வைத்தால் தொடக்கம் தப்பிவிடும். ஆனால் இரண்டு மணித்தியாலக் கூட்டம் என்றால் மெல்பேணில் முடிவது ஞாயிறு அதிகாலை 1:00 தான். முடியும் நேரம் போடுவதானால் அதைக் கவனியுங்கள்.

திகதியை 31/10 எண்டு போட்டால் என்ன? ஐப்பசி 31 எண்டு போட்டால் அம்மாக்களுக்கு விளங்கும்.

31/10 ஐ யாரும் மாறி வாசிக்க முடியாது, மாதம் 31 இல்லையே. ஆனால் அடுத்த கூட்டம் 07/11 என்று வரும்போது வட அமெரிக்காவில் ஜூலை 11 என்று வாசிப்பவர் இருப்பார். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. கிழமையும் கட்டாயம் வேண்டும். திகதி பிழைத்தாலும் கிழமை காட்டிக்கொடுக்கும்.

ஐப்பசி பற்றிச் சொல்வதானால், எங்கள் வீடுகளில் ஒக்டோபரைத்தான் ஐப்பசி என்கிறோம், ஜனவரியைத் தை என்பது போல. அதனால் ஐப்பசி 31 என்றால் எங்கள் அம்மாக்களுக்கு விளங்கும். சென்னையில் நாட்காட்டி கிழிப்பவருக்கு ஐப்பசி பிறப்பதே ஒக்டோபர் நடுவில். அவர் 31 ஐத் தேடினால் நவம்பருக்குப் போய்விடுவார். «ஒக்டோபர் 31» என்றே இருக்கட்டும்.

தமிழில ஒண்டு, இங்கிலீசில ஒண்டு எண்டு ரெண்டு அழைப்பிதழ் செய்யுறதா? ஒண்டிலயே ரெண்டையும் போடுறதா?

ஒன்றிலேயே போடுங்கள். அதிலும் நேரப் பகுதியை ஒரே ஒரு தரம்தான் எழுத வேண்டும். நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல் இதில்தான் பிறந்தன: தமிழ்ப் பாதியில் ஒரு நேரப் பட்டியல், ஆங்கிலப் பாதியில் இன்னொன்று. கூட்டம் அரை மணித்தியாலம் தள்ளிப் போனதும் யாரோ தமிழை மட்டும் திருத்துவார். ஆங்கிலம் பழையபடியே இருக்கும். இதைத் தவிர்க்க, மேலே தமிழில் விடயம், கீழே ஆங்கிலத்தில் விடயம், நடுவே இரு மொழியும் கலந்த ஒரே நேரப் பகுதி. இலக்கம் இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே.

```
சனிக்கிழமை, 31 ஒக்டோபர் 2026
Saturday, 31 October 2026

கிளிநொச்சி, சென்னை | Kilinochchi, Chennai
மாலை 5:30 pm

லண்டன் | London
நண்பகல் 12:00 noon

பாரிஸ், சூரிச், ஒஸ்லோ | Paris, Zurich, Oslo
பிற்பகல் 1:00 pm

ரொறன்ரோ | Toronto
காலை 8:00 am

மெல்பேண், சிட்னி | Melbourne, Sydney
இரவு 11:00 pm
```

ஊருக்கு இரண்டு வரி எதற்கு என்று கேட்பார்கள். ஒரே வரியில் இடைவெளி தட்டித் தட்டி நேரங்களை நேர்கோட்டில் நிறுத்தினால், உங்கள் கணினியில் அழகாக இருக்கும். வட்ஸ்அப்பில் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு என்பதால் எல்லாம் சரிந்துவிடும். சின்னப் போனில் வரி உடைந்து, லண்டன் நேரம் பாரிசுக்குக் கீழே போய் உட்காரும்.

இங்கிலீஸ் பகுதியில தமிழில இருக்கிற எல்லாத்தையும் அப்பிடியே எழுத வேணுமா?

தேவையில்லை. தமிழ்ப் பகுதியை வாசிப்பவர் பாடசாலையில் படித்தவர். அவருக்கு யார் தலைமை, என்ன பேசப்போகிறோம் என்பதெல்லாம் சொல்லலாம், «பேரன்புடையீர்» என்றும் தொடங்கலாம். ஆங்கிலத்தை வாசிப்பது பெரும்பாலும் அவருடைய பிள்ளையோ மருமகளோ. அவர்களுக்கு இது என்ன கூட்டம், யாருடைய ஊர்ப் பாடசாலை, எவ்வளவு நேரம், எந்த மொழியில் நடக்கும், லிங்க் எங்கே என்பது போதும். கூட்டம் முழுக்கத் தமிழில் நடக்குமென்றால் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது நேர்மை.

எது கட்டாயம் ஒத்திருக்க வேண்டும் என்றால் பெயர்கள். பேச்சாளரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் விருப்பத்துக்கு எழுத்துக்கூட்டினால் அந்தப் பெயரில் அவரைத் தேட முடியாது. ஊர்ப் பெயரும் அப்படியே, `Kilinochchi` என்ற எழுத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

அழைப்பிதழை வடிவா டிசைன் பண்ணிப் படமா அனுப்பினன். பிறகும் எல்லாரும் நேரம் கேக்கினம். ஏன்?

படத்தில் இருப்பதை அமத்திப் பிடித்து எடுத்துக் கலண்டரில் போடுவது பலருக்குத் தெரியாது. லிங்க்கும் படத்துக்குள் இருந்தால் தட்டினாலும் திறக்காது. பார்வை குறைந்தவரின் போன் படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஒழுங்காக வாசித்துக் காட்டவும் மாட்டாது. படம் அனுப்புங்கள், ஆனால் அதன் கீழேயே நேரப் பகுதியையும் லிங்க்கையும் எழுத்தாக அனுப்புங்கள். நாலு பேர் படத்தை மட்டும் முன்னனுப்புவார்கள் என்பதால் படத்திலும் நேரம் இருக்கட்டும்.

அச்சகத்தில் செய்வித்தால் இன்னொன்று. எங்கள் பக்கம் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதில் தட்டியது தாளில் தமிழாக வரும். வட்ஸ்அப்பில் ஒட்டினால் «அம்மா» என்பது `mk;kh` என்று வரும். மறுபக்கம், பாமினி பூசிய வரியில் pm என்று தட்டினால் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் இலக்கத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தும் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். காலை, மாலை என்று எழுதியிருந்தால் அது கெட்டாலும் நேரம் தப்பும்.

நாங்கள் 5:30 எண்டு போட்டம். சூம் அனுப்பின செய்தியில 8:00 AM எண்டு இருக்கு. எது சரி?

இரண்டும் ஒரே நேரம். காசு கட்டிய சூம் கணக்கு கனடாவில் இருக்கும் அண்ணையுடையது, அப்படித்தானே? சூம் தானாக எழுதும் செய்தியில், கூட்டத்தை அமைத்தவர் தெரிவு செய்த நேர வலயத்தில்தான் நேரம் வரும். பக்கத்தில் `Eastern Time (US and Canada)` என்று நிற்கும். அந்தச் சொல்லைக் கவனிக்காமல் இலக்கத்தை மட்டும் பார்ப்பவர் காலை எட்டு மணிக்கு எழும்பிப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதுக்குடியிருப்பில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்மையாகவே அப்படி இருந்தார்.

வழி எளிது. சூம் தரும் செய்தியை முழுதாக ஒட்ட வேண்டாம். அதிலிருந்து லிங்க், கூட்ட இலக்கம், கடவுச்சொல் மூன்றையும் மட்டும் எடுத்து உங்கள் அழைப்பிதழில் போடுங்கள். நேரம் உங்கள் நேரப் பகுதியிலேயே இருக்கட்டும். காசு கட்டாத கணக்கென்றால் 40 நிமிடத்தில் துண்டிக்கும் என்பதையும் முதலே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கட ஆக்கள் எப்பிடியும் பிந்தித்தான் வருவினம். அரை மணித்தியாலம் முந்திப் போட்டால் என்ன?

கலியாணவீட்டுக்குப் போடலாம். இங்கே போடாதீர்கள். கிளிநொச்சிக்கு 5:00 என்று எழுதி மற்ற ஊர்களுக்கு உண்மையான நேரத்தைப் போட்டால், கணக்குப் பார்ப்பவருக்கு லண்டன் ஐந்து மணித்தியாலம் பிந்தியதாக வரும். எங்கள் நேரத்தில் அரை மணித்தியாலம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ அந்த அரையை விட்டுவிட்டார் என்று நினைத்துத் தானே திருத்தி, திருத்தியதைக் குழுவிலும் போடுவார். எல்லா ஊருக்கும் முந்திப் போட்டாலோ, நேரத்துக்கு வரும் ஒஸ்லோக்காரர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். «5:15 இலிருந்து உள்ளே வரலாம், 5:30 க்குத் தொடங்கும்» என்று எழுதுங்கள், அது உண்மையும்கூட.

அரை மணித்தியாலக் குழப்பம் எங்களுக்குப் புதிதும் இல்லை. 1996 இல் கொழும்பு கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பிறகு அரை மணித்தியாலத்தில் நிறுத்தியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். வவுனியாவில் ஒரு அலுவலைப் பேசினால் «எந்த நேரம்?» என்று கேட்டுத்தான் வெளிக்கிடுவோம். ஊர்ப் பெயரைச் சொல்லி நேரம் குறிக்க நாங்கள் அப்போதே பழகியிருந்தோம்.

ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை கூட்டம். ஒருக்கா அழைப்பிதழ் எழுதினால் வருடம் முழுக்கப் பாவிக்கலாமா?

விடயத்தைப் பாவிக்கலாம், நேரப் பகுதியைப் பாவிக்க முடியாது. நான்காவது கேள்வியில் சொன்னபடி கிளிநொச்சி 5:30 அசையாமல் நின்றால் மற்றவர்களுக்கு வருடத்தில் இரண்டு தரம் மாறும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் நான்கு மாதமும் புதிதாகக் கணக்குப் பாருங்கள். மற்ற மாதங்களில் போன மாதத்தையே எடுக்கலாம்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் வரும். கனடா அண்ணையின் கணக்கில் மாதாந்தக் கூட்டமாக அமைத்தால், அது ரொறன்ரோ காலை 8:00 ஐப் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் அவர்களின் கடிகாரம் பின்னே போனதும், சூம் கணக்கில் கூட்டம் இங்கே மாலை 6:30 ஆகிவிடும். அழைப்பிதழ் 5:30 என்று சொல்லும். கலண்டரில் பதிந்தவர்கள் ஒரு நேரமும் அழைப்பிதழை வாசித்தவர்கள் ஒரு நேரமும் வருவார்கள். அமைக்கும்போதே அவரிடம் சொல்லி, நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றி, 5:30 pm என்று போடச் சொல்லுங்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை, கூட்டம் எந்தக் கடிகாரத்தில் நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பிழையான நேரத்தை அனுப்பிப் போட்டன். இப்ப என்ன செய்யிறது?

பழைய செய்தியை அழிக்க முடிந்தால் அழியுங்கள். ஆனால் அது ஏற்கெனவே நாலு குழுவுக்குப் போயிருக்கும். அழைப்பிதழ் முழுவதையும் திருத்தித் திரும்ப அனுப்பினால் எது பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கும். பிழையான வரி எது, சரியானது எது என்று மட்டும் இரு மொழியிலும் சின்னதாக எழுதுங்கள்.

```
திருத்தம்: லண்டன் நேரம் நண்பகல் 12:00 (1:00 அல்ல).
மற்ற ஊர்களின் நேரத்தில் மாற்றமில்லை.
Correction: London time is 12:00 noon, not 1:00 pm.
All other times are unchanged.
```

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாரிசும் ரொறன்ரோவும் தங்கள் நேரமும் மாறிவிட்டதோ என்று கேட்டு அன்றிரவு முழுக்க உங்கள் போன் அடித்துக்கொண்டிருக்கும். படமாகவும் அனுப்பியிருந்தால் படத்தைத் திருத்தி, மூலையில் «திருத்தியது» என்று எழுதி அனுப்புங்கள்.